எந்த ஊர் ஏழரை மணி?

எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்கள் சனிக்கிழமைதோறும் நியூ ஜெர்சி, லண்டன் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுடன் இணையவழியில் கதை வாசித்து வந்தார்கள். 2025 மார்ச் 8 அன்று நமக்கு இரவு 7:30. அப்போது நியூ ஜெர்சியில் காலை 9, லண்டனில் பிற்பகல் 2.

அடுத்த வாரத்துக்கு, நியூ ஜெர்சி ஆசிரியை "9 AM EST" என்று செய்தி அனுப்பினார். வழக்கம்போல் பத்தரை மணி நேரத்தைக் கூட்டி, 7:30க்குப் பிள்ளைகளை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். திரையில் லண்டன் பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள். நியூ ஜெர்சிப் பிள்ளைகள் நம் நேரம் 6:30க்கே வந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து போய்விட்டார்கள். அவர்களுக்காகவே கதை எழுதி வந்த மாணவி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கணக்கில் தவறில்லை. EST என்பது அங்கே குளிர்கால நேரம். உலகப் பொது நேரமான UTC-க்கு 5 மணி நேரம் பின்தங்கியது. மார்ச் 9 அன்று அமெரிக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அதன்பின் அது EDT, 4 மணி நேரமே பின்தங்கியது. அவர் பழக்கத்தில் பழைய எழுத்துகளையே எழுதிவிட்டார். நான் அவற்றை அப்படியே நம்பினேன். நாம் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை என்பதால் இது நமக்குத் தோன்றுவதும் இல்லை. நாம் எழுதும் IST மட்டும் என்ன? அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அதே மூன்றெழுத்து அவரவர் நேரம்தான்.

இப்போது எழுத்துச் சுருக்கங்களை விட்டுவிட்டு, நாள், கிழமை, ஊர்ப்பெயர் மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். மார்ச் 15-க்கான செய்தியை இப்படி அனுப்பியிருக்க வேண்டும்:

```
2025 மார்ச் 15, சனி, 14:00 UTC
சென்னை: இரவு 7:30 (UTC+5:30)
லண்டன்: பிற்பகல் 2:00 (UTC+0)
நியூயார்க்: காலை 10:00 (UTC-4)
```

நியூ ஜெர்சிக்கும் நியூயார்க் நேரமே என்பதால் பலருக்கும் தெரிந்த ஊரைக் குறித்தேன். ஊருக்கு ஊர் கணக்கிட்டதில் ஒன்று பிழைத்தாலும், UTC வரியோடு ஒத்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: "உங்கள் கடிகாரத்தில் எத்தனை மணி என்று பதில் எழுதுங்கள்." அன்று கேட்டிருந்தால் அவர் "9" என்று எழுதியிருப்பார்; வேறுபாடு உடனே தெரிந்திருக்கும்.

வாராவாரம் நடக்கும் கூட்டமென்றால் "அதே நேரம்" என்று எழுதுவது போதாது. எந்த ஊர்க் கடிகாரம் மாறாமல் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் கடிகாரம் அந்த ஆண்டு மார்ச் 30 அன்றுதான் முன்னே போனது. அதனால் ஏப்ரல் 5 கூட்டத்துக்கு, "சென்னை இரவு 7:30 மாறாது, லண்டனில் இனி பிற்பகல் 3, நியூயார்க்கில் காலை 10" என்று முன்கூட்டியே எழுதினேன். அன்று மூன்று ஊர்ப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அந்த மாணவிதான் முதலில் வாசித்தாள்.