காயலான் கடைக்குப் போகாத இறக்கை

ஒரு பழைய காற்றாலையைக் கழற்றி இறக்கினால் அதன் பெரும்பகுதிக்கு அன்றைக்கே விலை பேசிவிடலாம். கோபுரத்தின் இரும்பு உருக்காலைக்குப் போகும். ஜெனரேட்டரில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை எடை போட்டு வாங்க ஆள் தயாராக இருப்பார். கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருந்தால் இன்னொரு காற்றாலைக்கு உதிரியாகும். இப்படி மொத்த எடையில் 85 முதல் 90 சதவீதம் வரை மறுபடி பயன்பாட்டுக்குப் போய்விடும். கடைசியில் தரையில் கிடப்பவை மூன்று இறக்கைகள். அவற்றை எந்தக் காயலான் கடைக்காரரும் எடுக்க மாட்டார். கடற்கரை மணலில் கவிழ்த்துப் போட்ட பழைய ஃபைபர் படகின் கதையும் இதுதான். எஞ்சினுக்கு விலை உண்டு, உடலுக்கு இல்லை.

இரண்டும் ஒரே வகைப் பொருள். கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழையாக இழுத்து, அதைத் துணியாகவோ பாயாகவோ ஆக்கி, ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்து இறுகவிட்டால் ஃபைபர் கிடைக்கிறது. தமிழகக் கடற்கரையில் படகு கட்டும் கொட்டகைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் அச்சின் உட்புறம் மெழுகு பூசி, அதன்மேல் நிறம் கலந்த ஜெல்கோட்டைத் தடவுகிறார்கள். அது சற்று இறுகியதும் வெள்ளைப் பாய் போன்ற ஃபைபர் மேட்டை விரித்து, பிரஷ்ஷாலும் ரோலராலும் ரெசினை அழுத்தி ஏற்றுகிறார்கள். உள்ளே காற்றுக் குமிழ் தங்கினால் பின்னால் அந்த இடம்தான் முதலில் விடும் என்பதால் ரோலரைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ரெசினை ஊற்றுவதற்கு முன் அதில் கேட்டலிஸ்ட் கலந்தாக வேண்டும். கலந்துவிட்டால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். சிறிது நேரத்தில் வாளியில் இருக்கும் ரெசின் சூடேறி, கூழாகி, கல்லாகிவிடும். வாளியில் மிஞ்சி இறுகியதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அதை எந்தச் சூட்டில் வைத்தாலும் மறுபடி உருகாது.

மறுசுழற்சியின் முதல் சிக்கல் அந்த வாளியிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் குடம் உடைந்தால் உருக்கி வேறொன்று வார்க்கலாம். அதன் மூலக்கூறுகள் நீளமான தனித்தனிச் சங்கிலிகள். சூடேறினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். ரெசின் இறுகும்போது நடப்பது வேறு. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்து, படகு முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாததுபோல இதையும் பின்னோக்கிக் கொண்டுபோக முடியாது. சூட்டை இன்னும் கூட்டினால் கருகும், அவ்வளவுதான்.

இந்த வலைக்குள் வேறு பொருள்களும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றாலை இறக்கையை வெட்டிப் பார்த்தால் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ பி.வி.சி. நுரையோ இருக்கும். இடியைத் தரைக்கு இறக்கும் உலோகக் கம்பி உள்ளே ஓடும். இரு பாதிகளையும் ஒட்டிய பசை, வெளிப்பூச்சு, நீளமான இறக்கைகளில் கார்பன் இழை என்று பட்டியல் நீளும். இருபது, இருபத்தைந்து வருடம் புயலிலும் வெயிலிலும் பிரிந்துவிடக் கூடாது என்றே இவ்வளவையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஆனாலும் பிரிப்பதற்கு வழியே இல்லை என்று சொல்வது சரியல்ல. வழிகள் பல உண்டு. பிரித்தெடுத்ததை வாங்க ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் பெரிய தடை. இறக்கையின் எடையில் பெரும்பங்கு கண்ணாடி இழை. அது மணல், சுண்ணாம்பு, களிமண் போன்ற மலிவான மூலப்பொருள்களிலிருந்து வருகிறது. புது இழையே மலிவாகக் கிடைக்கும்போது பழைய இழைக்கு யார் காசு கொடுப்பார்கள்? கார்பன் இழையின் விலை அதைவிடப் பல மடங்கு என்பதால், விமானக் கழிவிலிருந்து அதை மீட்டெடுக்கும் தொழில் ஓரளவு நடக்கிறது. கண்ணாடிக்கு அந்தக் கணக்கு கட்டுபடியாவதில்லை.

காற்றில்லாத உலையில் சூடாக்கிப் பிரிக்கும் பைராலிசிஸ் முறையில் இது நன்றாகத் தெரிகிறது. சுமார் 450 முதல் 600 டிகிரி சூட்டில் ரெசின் வாயுவாகவும் எண்ணெயாகவும் வெளியேறிவிடும், இழை நின்றுவிடும். பார்வைக்கு அது நல்ல இழைதான். இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், பழைய வலுவில் பாதிகூட இருக்காது. அந்தச் சூடு கண்ணாடியின் மேற்பரப்பைக் கெடுப்பதோடு, ரெசினோடு ஒட்டுவதற்காக இழைமேல் பூசியிருந்த மெல்லிய பூச்சையும் எரித்துவிடுகிறது. அப்படிப்பட்ட இழையைக் கொண்டு இன்னொரு இறக்கை செய்ய எந்தப் பொறியாளரும் சம்மதிக்க மாட்டார்.

அதனால்தான் பல நாடுகளில் புதைப்பதே சுலபமாகப் போயிற்று. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் நகரக் குப்பைமேட்டில் வெள்ளை இறக்கைத் துண்டுகளை வரிசையாக அடுக்கி மண் தள்ளி மூடும் படங்கள் 2020 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பரவின. ஒவ்வொரு இறக்கையையும் மூன்றாக அறுத்துத்தான் லாரியில் ஏற்ற முடிந்தது. டெக்சஸின் ஸ்வீட்வாட்டர் ஊரில் நடந்தது இன்னும் வருத்தமானது. மறுசுழற்சிக்கென்று கொண்டுவந்த ஆயிரக்கணக்கான இறக்கைகள் ஊரோரத்தில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தன.

ஜெர்மனிக்குப் புதைக்கும் வழி 2005இல் அடைபட்டது. எரியக்கூடிய கரிமப் பொருள் அதிகமுள்ள கழிவைக் குப்பைமேட்டில் போடக் கூடாது என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக உருவான ஒரு தடம்தான் இன்றுவரை பெரிய அளவில் ஓடுகிற ஒரே தடம் என்று சொல்லலாம். அது சிமென்ட் உலையில் போய் முடிகிறது.

இறக்கையைக் கழற்றிய இடத்திலேயே வைரப்பல் ரம்பத்தால் அறுக்கிறார்கள். சாதாரண ரம்பத்தின் பல்லைக் கண்ணாடி சீக்கிரமே மழுக்கிவிடும். தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுப்பார்கள், அந்தத் தண்ணீரையும் பிடித்து வைக்க வேண்டும். துண்டுகள் ப்ரேமென் நகரின் ஆலைக்குப் போய் அரைபட்டு, காந்தத்தால் இரும்பு நீக்கப்பட்டு, காகித ஆலைகளின் ஈரக் கழிவோடு கலக்கப்படும். ஈரக் கழிவு கண்ணாடித் தூசியை அடக்கும், எரியும்போது கொஞ்சம் சூடும் தரும். இந்தக் கலவை வடக்கே லேகர்டார்ஃபில் உள்ள சிமென்ட் ஆலையின் உலைக்குள் போகிறது.

உலைக்குள் நடப்பதுதான் இந்த முறையின் அழகு. ரெசினும் மரமும் நுரையும் நிலக்கரிக்குப் பதிலாக எரிகின்றன. 1,450 டிகிரி வரை போகும் அந்த உலையில் கண்ணாடி இழை கரைந்து கிளிங்கரோடு சேர்ந்துவிடுகிறது. கண்ணாடியில் இருப்பவை சிலிக்கா, சுண்ணாம்பு, அலுமினா. சிமென்ட்டுக்கு வேண்டியவையும் அவையே. அமெரிக்காவில் இதே வழியில் இறங்கிய வியோலியா நிறுவனத்தின் கணக்குப்படி, இறக்கையின் எடையில் சுமார் 65 சதவீதம் மூலப்பொருளாகவும் சுமார் 28 சதவீதம் எரிபொருளாகவும் பயன்படுகிறது. தனியாகப் புதைக்கச் சாம்பல் மிஞ்சுவதில்லை.

ஆனால் அளவு மீறினால் உலை காட்டிக்கொடுத்துவிடும். சில வகைக் கண்ணாடி இழைகளில் போரான் இருக்கிறது. அது கூடினால் சிமென்ட் இறுகத் தாமதமாகும். பி.வி.சி. நுரையிலிருந்து வரும் குளோரின் உலைப் பாதைகளில் படிந்து அடைக்கும். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், புகையிலிருந்து தூசி பிடிக்கும் மின்வடிகட்டியில் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். இதையெல்லாம் முன்கூட்டியே பிரித்துக் கலக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆலை பணம் கொடுக்காது. இறக்கையின் உரிமையாளர்தான் கழிவுக் கட்டணம் கட்டியாக வேண்டும். அருமையான இழையாக இருந்தது கடைசியில் மணலுக்கும் சுண்ணாம்புக்கும் மாற்றாகத்தான் மதிக்கப்படுகிறது. அப்படியிருந்தும், புதைப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இழையை இழையாகவே மீட்கும் முயற்சிகள் வேதியியலாளர்கள் கையில் இருக்கின்றன. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் ட்ரோல்ஸ் ஸ்க்ரிட்ஸ்ட்ரப் குழுவினர் ருத்தேனியம் கொண்ட வினையூக்கியால் எபாக்சி ரெசினின் பிணைப்புகளை அறுத்துக் காட்டினார்கள். 2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ஆய்வில், பழைய இறக்கைத் துண்டிலிருந்து கெடாத கண்ணாடி இழையும், ரெசினின் மூலப்பொருளான பிஸ்பினால்-ஏ-யும் திரும்பக் கிடைத்தன. இப்போது சுழன்றுகொண்டிருக்கும் இறக்கைகளுக்கும் பொருந்தும் என்பது இதன் பெரிய பலம். ருத்தேனியம் விலை மிகுந்த உலோகம், வினை முடியவும் நெடுநேரம் பிடிக்கிறது. ஆய்வகக் குடுவையிலிருந்து ஆலைக்குப் போக இவை இரண்டையும் தாண்டியாக வேண்டும்.

இன்னொரு குழுவினர் ரெசினையே மாற்றிவிட்டார்கள். சீமென்ஸ் கமேசா 2021இல் அறிமுகப்படுத்திய இறக்கையில் ரெசினை இறுக வைக்கும் பொருளுக்குள்ளேயே, அமிலம் பட்டால் அறுந்துவிடும் பிணைப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். மென்மையான அமிலத்தில் மிதமான சூட்டில் ஊறவைத்தால் ரெசின் கரைந்து, இழையும் நுரையும் மரமும் தனித்தனியே வந்துவிடும். இந்த ரெசின் நம் நாட்டு ஆதித்ய பிர்லா குழுமத்துடையது. 81 மீட்டர் நீளமுள்ள அத்தகைய இறக்கைகள் 2022இல் ஜெர்மனியின் காஸ்காசி கடல் காற்றாலைப் பண்ணையில் ஏறின. அவை இறங்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், இன்று குவிகிற கழிவுக்கு அவற்றால் பயன் ஏதும் இல்லை.

படகு விஷயத்தில் இவை எதுவும் நேரடியாகக் கைகொடுக்காது. பெரும்பாலான படகுகள் எபாக்சியில் அல்ல, பாலியெஸ்டர் ரெசினில் கட்டப்பட்டவை. எபாக்சிக்கென்று கண்டுபிடித்த வேதிவழி இதற்கு அப்படியே பொருந்தாது. பல வருடத்துப் பெயிண்ட், ஒட்டுப் போட்ட பகுதிகள், மிதவைக்காக அடைத்த நுரை, பின்பலகைக்குள் மரம் என்று படகுக்குப் படகு உள்ளடக்கமும் மாறும். இதைவிடப் பெரிய சிக்கல், யார் பொறுப்பு என்பது. காற்றாலைக்கு உரிமையாளரும் நிலப் பத்திரமும் உண்டு. படகோ கை மாறிக் கை மாறி, கடைசியில் யாருடையது என்றே தெரியாமல் கரையில் கிடக்கும்.

ஜப்பான் 2005இலிருந்து பழைய ஃபைபர் படகுகளை அரைத்துச் சிமென்ட் ஆலைக்கு அனுப்பும் ஏற்பாட்டை நடத்திவருகிறது. அங்கே செலவு உரிமையாளருடையது. பிரான்ஸ் 2019இல் வேறு விதமாகத் தொடங்கியது. புதிய படகு விற்கும்போதே நிறுவனங்கள் ஒரு பங்களிப்பைச் செலுத்துகின்றன, அந்தப் பணத்தில் பழைய படகுகளை இலவசமாகக் கழற்றுகிறார்கள். கழற்றும் இடம்வரை கொண்டுவருவது மட்டும் உரிமையாளர் பொறுப்பு. படகு அனாதையாகக் கிடப்பதை இது குறைத்திருக்கிறது.

தமிழகத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் பல ஊர்களில் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்தன. கட்டுமரம் உளுத்தால் அடுப்புக்காவது ஆகும், ஃபைபரைக் கரையில் எரித்தால் நச்சுப்புகைதான். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் 225, 250 கிலோவாட் அளவிலான சிறிய பழைய காற்றாலைகள் வயதாகி நிற்கின்றன. அவற்றை மாற்றிப் பெரியவை நிறுவுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2024இல் வெளியிட்டது. அவற்றின் இறக்கை பதின்மூன்று, பதினான்கு மீட்டர்தான் இருக்கும், அறுக்காமலே லாரியில் ஏற்றிவிடலாம். முப்பந்தலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் தாழையூத்தில் சிமென்ட் ஆலை இருக்கிறது. விருதுநகர், அரியலூர் மாவட்டங்களிலும் உலைகள் உண்டு. இடையில் வேண்டியது, தூசியை அடக்கி அரைக்கும் ஓர் ஆலையும், அரைக்கும் கூலியைக் கட்டுவது காற்றாலைக்காரரா, படகு செய்பவரா, அரசா என்று தெளிவாகச் சொல்லும் ஒரு விதியும். பழைய காற்றாலைகளை இறக்க அனுமதி கொடுக்கும்போதே அந்த விதியையும் எழுதிவிடுவது சுலபம். இறக்கைகள் காட்டோரம் வந்து விழுந்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது?