மரணசாதனத்தை நீதிமன்றம் எப்படி நம்புகிறது?

"அம்மா மரணசாதனம் எழுதி வைத்துவிட்டுத்தானே போனவ, பிறகு ஏன் கோடு கச்சேரி?" என்று சகோதரிகள் கேட்பதுண்டு. இறந்தவரின் சொத்துகளின் மொத்தப் பெறுமதி சட்டம் வகுத்த எல்லையை எட்டினால், மரணசாதனம் உண்மையானதென மாவட்ட நீதிமன்றம் ஏற்று 'புரோபேட்' வழங்கவேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த எல்லையை 40 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. இன்றைய காணி விலையில் ஒரு சின்ன வளவும் வீடுமே அதைத் தாண்டிவிடும்.

மரணசாதனத்தில் நிறைவேற்றுநராகக் குறிப்பிடப்பட்டவர் மூலப்பிரதி, மரணச் சான்றிதழ், சத்தியக்கடதாசி ஆகியவற்றோடு மனுச் செய்வார். பத்திரிகையில் அறிவித்தல் வரும். எவரும் ஆட்சேபிக்காவிட்டால் பெரும்பாலும் சத்தியக்கடதாசிகளோடே வேலை முடிந்துவிடும். ஆட்சேபித்தால் விசாரணைதான்.

அங்கே முதற் கேள்வி, அது முறைப்படி எழுதப்பட்டதா என்பது. 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுதியவர் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். வீட்டில் எழுதி இரண்டு அயலவர் மட்டும் ஒப்பமிட்ட கடதாசி இதனாலேயே விழுந்துவிடும்.

எங்கள் பிரச்சினை சாட்சிகள். கோப்பாயில் ஒரு தாய் 1994இல் நொத்தாரிசு முன் மரணசாதனம் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். 1995 இடப்பெயர்வுக்குப் பின் ஒரு சாட்சி இறந்துவிட்டார், மற்றவர் கனடாவில். உயிரோடும் நீதிமன்றம் அழைக்கக்கூடிய இடத்திலும் இருக்கும் சாட்சி ஒருவரையாவது அழைக்க வேண்டும் என்பதே சாட்சியச் சட்டம். அப்படி யாரும் இல்லையென்றால், சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் தாயின் கையொப்பத்தையும் தெரிந்தவர் மூலம் நிரூபிக்கலாம். தாய் ஒப்பமிட்ட பழைய காணி உறுதி, வங்கிப் படிவம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இப்படியான பழைய கடதாசிகளை எறிந்துவிடாதீர்கள்.

கையொப்பம் சரியானாலும் சந்தேகம் எழலாம். சொத்துப் பெறும் மகனே நொத்தாரிசை அழைத்துவந்து, நோயாளித் தாயைத் தனிமையில் வைத்து எழுதுவித்தால் நீதிபதி சும்மா விடமாட்டார். லண்டனில் பிரிவி கவுன்சில் 1838இல் பாரி எதிர் பட்லின் வழக்கில் சொன்ன விதி இங்கும் பின்பற்றப்படுகிறது: பயன்பெறுபவரே மரணசாதனத்தைத் தயாரித்தால், சந்தேகத்தை நீக்கும் பொறுப்பு அதை முன்வைப்பவருடையது. அந்த வழக்கில் எழுதிக்கொடுத்த சட்டத்தரணிக்கே சொத்தில் ஒரு பங்கு போனது. ஆனாலும் சாட்சியம் திருப்தியாக இருந்ததால் மரணசாதனம் நிலைத்தது. ஆகவே சந்தேகம் வந்தால் தோல்வி என்றில்லை. தாய் தெளிந்த புத்தியோடு இருந்தார், எழுதியதை விளங்கிக்கொண்டார் என்று சொல்லக்கூடியவரே தேவை.

மூலப்பிரதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் நொத்தாரிசின் பிரதியைத் தேடலாம். அது எப்படித் தொலைந்தது என்பதையும் விளக்கவேண்டும். எழுதியவரிடமே கடைசியாக இருந்து காணாமற்போன மரணசாதனத்தை, அவரே மனம் மாறிக் கிழித்துவிட்டார் என்று நீதிமன்றம் எண்ண இடமுண்டு.