கறை போகட்டும், துணி இருக்கட்டும்

இணையக் கடையில் ஒரு சட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். தோளருகே நூல் நூலாகத் தெரிகிறது. வயிற்றுப் பக்கம் வந்ததும் ஓரிடத்தில் மட்டும் இழைகள் மறைந்து, வழுவழுவென்று ரப்பர் போல இருக்கிறது. அங்கே ஏதோ ஒரு கறையோ சுருக்கமோ இருந்து, அதை யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்ததில் துணியும் சேர்ந்து போய்விட்டது. வாங்குகிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ‘இது நல்ல துணி இல்லை போலிருக்கிறது’ என்று மனது சொல்லிவிடும். நெய்தவர், தைத்தவர் இருவரின் உழைப்பையும் அந்த ஓர் இடம் கெடுத்துவிடுகிறது.

துணியின் படத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. முதலாவது, நிறம். இரண்டாவது, துணி வளைந்து மடிந்து விழும்போது ஏற்படும் வெளிச்சமும் நிழலும். மூன்றாவது, பாவும் ஊடையும் பின்னிக்கிடக்கும் நெசவு. கறை பெரும்பாலும் நிறத்தை மட்டுமே கெடுக்கிறது. அதன் அடியில் நெசவு அப்படியே இருக்கிறது. சுருக்கம் கெடுப்பது வெளிச்சத்தையும் நிழலையும். கிழிசலில்தான் மூன்றும் போகின்றன. எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் தொட்டால் துணி தட்டையாகாது. ரீடச்சிங் வேலையில் நான் நம்புகிற விதி இது ஒன்றுதான். மூன்றுக்கும் ஒரே பிரஷ்ஷை எடுத்துத் தேய்ப்பதால்தான் அந்த ரப்பர்ச் சட்டைகள் உருவாகின்றன.

ஒரு படத்தை வைத்துப் பார்க்கலாம். வெளிர்நீல லினன் சட்டை. கீழ் விளிம்பருகே தேநீர்க் கறை. மார்பின் குறுக்கே, பெட்டியில் மடித்து வைத்ததால் விழுந்த கோடு. இடது கையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னக் கிழிசல். வேலை ஃபோட்டோஷாப்பில் நடக்கிறது.

கறையிலிருந்து தொடங்குவோம். பலரும் உடனே பக்கத்துத் துணியை நகலெடுத்து மேலே பூசுவார்கள். அது தேவையே இல்லை. கறைக்கு அடியில் உண்மையான நூல் இருக்கும்போது, வேறிடத்து நூலைக் கொண்டுவந்து ஏன் ஒட்ட வேண்டும்? நிறத்தைத் திருத்தினால் போதும். Color Sampler கருவியின் Sample Size அளவை 11 by 11 Average என்று வைத்து, சுத்தமான துணியில் ஒரு புள்ளியும் கறையில் ஒரு புள்ளியும் வைக்கிறோம். ஒற்றைப் புள்ளியை அளந்தால் ஒரு நூலின் நிழலில் போய் விழுந்துவிடலாம். சராசரி எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. சுத்தமான இடத்தில் சிவப்பு 176, பச்சை 196, நீலம் 214 என்று வருகிறது, கறையில் 160, 168, 170 என்று வைத்துக்கொள்வோம். தேநீர் நீலத்தைத்தான் அதிகம் விழுங்கியிருக்கிறது என்பதை எண்களே சொல்லிவிடுகின்றன. ஒரு Curves லேயர் போட்டு, நீலத்தை நிறையவும் பச்சையை ஓரளவும் சிவப்பைக் கொஞ்சமும் உயர்த்தி, அந்த லேயரின் மாஸ்க்கில் கறையின் மேல் மட்டும் தெரியும்படி விடுகிறோம். கறை கரைந்துபோகும். ஒரு நூல்கூட அசையாது.

இங்கே ஒரு சிக்கல் வரும். தேநீர்க் கறையின் விளிம்பு நடுப்பகுதியைவிடக் கருத்திருக்கும். சிந்திய துளி காயும்போது நீர் ஓரத்தை நோக்கி ஓடி, தன்னிடம் உள்ள நிறத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதால் வருவது அது. ஒரே Curves லேயரால் இரண்டையும் சரிசெய்யப் பார்த்தால் நடு வெளுத்துவிடும், அல்லது விளிம்பில் வளையம் மிஞ்சும். விளிம்புக்கென்று தனியாக இரண்டாவது Curves லேயர் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் அந்த வளையத்தில் மட்டும் மாஸ்க்கைத் திறக்க வேண்டும். கறை ஆழமாகி நெசவே தெரியாத அளவுக்குக் கருத்திருந்தால் மட்டுமே இந்த வழி உதவாது. அப்போது அதைக் கிழிசலாகவே கருத வேண்டும்.

அடுத்தது மடிப்புக்கோடு. இதில்தான் துணி அதிகம் சாகிறது. மடிப்பின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் நிழலாகவும் இருக்கும். இரண்டுக்கும் குறுக்கே நெசவு தொடர்ந்து ஓடும். எனவே நெசவை ஒரு லேயரிலும் நிழலையும் நிறத்தையும் இன்னொரு லேயரிலும் பிரித்துவிட்டால், நெசவைத் தொடாமலே நிழலைத் திருத்தலாம். படத்தை இரண்டு நகல் எடுக்கிறோம். கீழ் நகலில் Gaussian Blur போட்டு, நூல்கள் கண்ணுக்கு மறையும் வரை Radius அளவை மெல்ல ஏற்றுகிறோம். நூல் மறைந்த கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் சுருக்கத்தின் நிழலும் நெசவு லேயருக்குப் போய்விடும், பிரித்ததற்குப் பயன் இருக்காது. இதற்கு எல்லாப் படத்துக்கும் பொருந்தும் எண் கிடையாது. நூலின் பருமனும் படத்தின் அளவும்தான் தீர்மானிக்கும். பிறகு மேல் நகலில் Apply Image திறந்து, Layer என்ற இடத்தில் கீழ் நகலைத் தேர்ந்து, 8 பிட் படமாக இருந்தால் இப்படிக் கொடுக்கிறோம்:

```
Blending: Subtract
Scale: 2
Offset: 128
```

மேல் நகல் சாம்பல் நிறமாகி நெசவு மட்டும் தெரியும். அதன் கலப்பு முறையை Linear Light என்று மாற்றினால் படம் பழையபடி ஆகிவிடும். 16 பிட் படத்துக்கு Blending என்பது Add, Scale 2, Offset 0, கூடவே Invert தேர்வு.

இனி வேலை கீழ் லேயரில். மடிப்பைச் சுற்றி Lasso கருவியால் விளிம்பு மென்மையாக வளைத்து, லேசாக Gaussian Blur கொடுத்தால் வெளிச்சமும் நிழலும் ஒன்றோடொன்று கலந்து அடங்கும். தையலையோ பொத்தான் பட்டியையோ ஒட்டி வளைக்கக் கூடாது. அவற்றின் நிழல் துணிக்குள் கசிந்து, அழுக்குப் படிந்தது போலாகிவிடும். அந்த மாதிரி இடங்களில் வேறு வழி: வெளுப்பாக்கும் Curves ஒன்று, கருப்பாக்கும் Curves ஒன்று போட்டு, இரண்டின் மாஸ்க்கையும் முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, Flow அளவை 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்த பிரஷ்ஷால் நிழற்பக்கத்தை வெளுப்பாக்கியும் வெளிச்சப்பக்கத்தைக் கருப்பாக்கியும் கொஞ்சம் கொஞ்சமாக வரைவது. மெதுவான வேலை. ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது நம் கையில் இருக்கும்.

நிறுத்துவதுதான் இதில் முக்கியம். மடிப்பை முழுக்க அழிக்கக் கூடாது. பாதிக்கு மேல் குறைத்தாலே கண் அதில் போய் நிற்காது. அதைவிட முக்கியம், எதைத் தொடவே கூடாது என்று முதலில் முடிவு செய்வது. பெட்டியில் மடித்ததால் வந்த கோடு வேண்டாதது. தோளிலிருந்து இறங்கும் மடிப்பும், முழங்கையில் விழும் வளைவும், இடுப்பருகே துணி தளர்ந்து நிற்கும் அலையும் வேண்டியவை. லினன் எப்படி விழும், எவ்வளவு கனமாக இருக்கும் என்று பார்ப்பவருக்குச் சொல்பவை அவைதாம். லினன் என்றாலே கொஞ்சம் கசங்கும். ஒரு சுருக்கமும் இல்லாத லினன் படத்தில் பாலியெஸ்டர் ஆகிவிடும்.

கூர்மையாக அமுங்கிய மடிப்பில் இன்னொன்றையும் பார்க்கலாம். நிழலைத் திருத்திய பிறகும் ஒரு மெல்லிய கோடு மிஞ்சும். அந்த இடத்தில் நூலே வளைந்திருப்பதால் கோடு நெசவு லேயரிலும் பதிந்திருக்கிறது. அதற்கு நெசவு லேயரில் Clone Stamp எடுத்து, அதே நூல்வரிசையில் சற்றுத் தள்ளியிருக்கும் துணியை எடுத்து வைக்க வேண்டும். பிரஷ்ஷின் விளிம்பு கடினமாக இருக்கட்டும். மென்மையான விளிம்பு வைத்தால் பழைய நெசவும் புது நெசவும் பாதிப் பாதியாகக் கலந்து, ஒன்றின் வெளிச்சத்தை மற்றதன் நிழல் அடித்துவிடும். இழை மங்கி, துணி தட்டையாவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த மென்மையான பிரஷ்தான்.

கிழிசலுக்கு வருவோம். உண்மையில் கைவேலையில் இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். லேயர் பிரிப்பதற்கு முன்பே துணி முழுதாக இருக்க வேண்டும். இங்கே நெசவே இல்லாததால் ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒட்டை அதே கையிலிருந்து, அதே வெளிச்சம் விழும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மார்பிலிருந்து எடுத்தால் நூலின் சாய்வு வேறாக இருக்கும். எடுத்த துண்டைத் தனி லேயராக்கி, கிழிசலின் மேல் வைத்து, பாவு பாவோடும் ஊடை ஊடையோடும் சேரும்வரை Free Transform கொண்டு திருப்புகிறோம். கை உருளையாக இருப்பதால் நூல்கள் நேராக ஓடாமல் வளைந்து ஓடும். அந்த வளைவுக்கு Warp உதவும். மாஸ்க்கின் விளிம்பை வட்டமாக வெட்டாமல் நூலின் போக்கிலேயே படிப்படியாக வெட்டினால் ஒட்டு தெரியாது. வெளிச்சம் கொஞ்சம் மாறியிருந்தால், ஒட்டுக்கு மட்டும் ஒரு Curves போதும்.

லினனில் அங்கங்கே நூல் தடித்துத் திரண்டிருக்கும். ஒட்டோடு அப்படியொரு திரட்சியும் வந்துவிட்டால், ஒரே திரட்சி இரண்டு இடத்தில் இருப்பதைக் கண் கண்டுபிடித்துவிடும். அதை ஒட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். சட்டை கட்டம் போட்டதாக இருந்தால் கணக்கு இன்னும் கறாரானது: ஒரு முழுக் கட்டத்தின் அகலம் எவ்வளவோ, சரியாக அந்த அளவோ அதன் மடங்கோ தள்ளியிருக்கும் துண்டைத்தான் எடுக்க வேண்டும்.

முடித்ததும் சோதிக்க வேண்டும். 100 சதவீத அளவில் வைத்து நூல்கள் தொடர்கின்றனவா என்று பாருங்கள். 33, 67 போன்ற அளவுகளில் நெசவு திரையில் பொய்க்கோலம் காட்டும். அதை நம்பித் திருத்த ஆரம்பித்தால் நல்ல துணியையும் கெடுத்துவிடுவோம். பிறகு படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நூல்கள் மறைந்து, திட்டுத் திட்டாக எங்கே நிறம் மாறியிருக்கிறது என்பது அப்போது தெரியும். அது போதாதென்றால், எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு செங்குத்தான Curves போட்டு மாறுபாட்டைக் கூட்டினால் ஒளிந்திருந்த திட்டுகளும் வெளியே வரும்.

இவ்வளவு வேலையும், படத்துக்கு வந்த அந்த ஒரு சட்டையில் மட்டும் கறை இருந்து, வாங்குகிறவருக்குப் போகும் சட்டைகள் சுத்தமாக இருக்கும்போதுதான் நியாயம். ஒரே ஒரு உருப்படியாக விற்கும் பழைய பட்டுப்புடவையிலோ, ஏற்கெனவே உடுத்திய ஆடையிலோ இருக்கும் கறையைத் தொடக் கூடாது. அது பொருளின் உண்மை. கைத்தறியில் நூல் திரண்டிருப்பதையும் குறையென்று நினைத்து அழிக்க வேண்டாம். இந்தியாவில் 2020இல் வந்த இணைய வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்று விற்பவரைக் கட்டாயப்படுத்துகின்றன. விற்பவரும் ரீடச் செய்பவரும் வேலையைத் தொடங்கும் முன்பே, எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று படத்தை வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்துவிடுங்கள்.