வட்டப் புட்டியில் நழுவும் வரி

ஏழு செ.மீ. விட்டமுள்ள ஒரு சாக்லேட் ஸ்ப்ரெட் புட்டியின் சுற்றளவு ஏறக்குறைய 22 செ.மீ. அதை முகத்துக்கு நேரே பிடித்தால் பாதிச் சுற்று கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதையெல்லாம் படிக்க முடிவதில்லை. நடுவிலிருந்து விலக விலக எழுத்துகள் ஒடுங்குகின்றன. நடுவுக்கு 60 டிகிரி தள்ளி இருக்கும் எழுத்தின் அகலம் பாதியாகத்தான் தெரியும். பொடி எழுத்தில் அதற்கு அப்பால் படிப்பது வெறும் ஊகம். ஆக, புட்டியைத் திருப்பாமல் நம்பிப் படிக்கக்கூடியது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு, ஏழு செ.மீ.க்குச் சற்று மேல். உட்பொருள் பட்டியலின் ஒரு வரியோ 11 செ.மீ. நீளத்துக்கு ஓடலாம். ஒவ்வொரு வரிக்கும் புட்டியைத் திருப்ப வேண்டும், வரி முடிந்ததும் பின்னால் திருப்பி அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும்.

அப்படிப் பின்னால் திருப்பும்போதுதான் கண் ஒரு வரியைத் தாண்டிவிடுகிறது. கதையோ செய்தியோ படிக்கும்போது வரி தாண்டினால் பொருள் முறிந்து உடனே தெரிந்துவிடும். உட்பொருள் பட்டியலில் முறிவதற்கு வாக்கியமே இல்லை. பெயர், காற்புள்ளி, பெயர் என்று போகிற இடத்தில் நாலு பெயர் காணாமல் போனாலும் மிச்சம் ஒழுங்காகவே ஒலிக்கும். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காகப் படிக்கிறவருக்கு இது எத்தனை பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம. இந்த வகைப் புட்டிகளில் வழக்கமாக இருக்கும் பொருள்களை வைத்து நான் அமைத்த பட்டியல் இது. கடையில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்.

முதல் வரி: சர்க்கரை, சமையல் எண்ணெய் (பாமோலின்), நிலக்கடலை விழுது (12%), கோகோ
இரண்டாம் வரி: பவுடர் (7%), பால் பவுடர் (5%), சோயா மாவு, எமல்சிஃபையர்
மூன்றாம் வரி: (322), உப்பு, வெனிலா மணமூட்டி.

முதல் வரியை முடித்துப் புட்டியைத் திருப்பியவர் மூன்றாம் வரியில் இறங்கிவிட்டால் அவர் படிப்பது "கோகோ (322), உப்பு, வெனிலா மணமூட்டி". தட்டுத் தடங்கல் இல்லை. ஆனால் பாலும் சோயாவும் போய்விட்டன.

தவறு நடந்ததற்குத் தடயம் அந்த வாசிப்பிலேயே இருக்கிறது. 322 என்பது லெசிதினுக்கு உரிய சேர்க்கை எண். நம் நாட்டு லேபிளில் இத்தகைய எண்கள் தனியே வருவதில்லை. எமல்சிஃபையர், பிரிசர்வேடிவ், நிறமூட்டி என்று அந்தச் சேர்க்கை செய்யும் வேலையின் பெயரைச் சொல்லி, அதன் பக்கத்தில் எண்ணைப் போடுவார்கள். கோகோவுக்குப் பக்கத்தில் 322 நின்றால், இடையில் ஏதோ விழுந்துபோயிற்று என்று பொருள். அடைப்புக்குறிகளும் இப்படியே காட்டிக்கொடுக்கும். திறந்த குறி மூடப்படாமல் போனாலோ, திறக்காத குறி மூடினாலோ வரி மாறியிருக்கிறது. சதவீதமும் உதவும். தயாரிக்கும் நேரத்தில் எடையிலோ அளவிலோ அதிகமாக இருந்த பொருள் முதலில், குறைந்தது பின்னால் என்பது விதி. அதனால் 12, 7, 5 என்று எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஏறினால் நின்று மறுபடி பாருங்கள். ஓர் அடைப்புக்குள் இன்னொரு கலவையின் பொருள்கள் வரிசையாக வந்தால் மட்டும் அந்த இறக்கம் அதற்குள் தனிக்கணக்கு.

இந்தத் தடயங்கள் எல்லாத் தவறையும் பிடித்துவிடும் என்று நம்பக் கூடாது. வரிகள் காற்புள்ளியிலேயே முடிந்து காற்புள்ளிக்குப் பிறகே தொடங்கினால், எதுவும் முரண்படாமலேயே ஒரு முழு வரி போய்விடும். ஆகவே வரி நழுவாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. அதற்கு வீட்டில் இருக்கும் ரப்பர் பேண்ட் போதும். படிக்கிற வரிக்குச் சரியாகக் கீழே புட்டியைச் சுற்றிப் போடுங்கள். புட்டியை எத்தனை முறை திருப்பினாலும் பேண்டுக்கு மேலே இருப்பதுதான் உங்கள் வரி. முடிந்ததும் ஒரு வரி கீழே இறக்குங்கள். லேபிள் கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் வரியும் சாய்ந்து ஓடும். அப்போது மூடியின் விளிம்பைப் பார்த்துப் பேண்டைச் சமன்செய்யாமல், வரியின் முதல் சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் கீழே வருமாறு பேண்டைச் சாய்க்க வேண்டும். தயிர்க் கிண்ணம்போல் அடி குறுகிய டப்பாவில் பேண்ட் கீழே வழுக்கும். அங்கே டப்பாவைத் தலைகீழாக வைத்துப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் நிற்காவிட்டால் கட்டைவிரல் நகத்தை வரியின் கீழ் வைத்து, டப்பாவைத் திருப்பத் திருப்ப விரலை நகர்த்திக்கொண்டே போக வேண்டியதுதான்.

கடையில் ரப்பர் பேண்டுக்கு எங்கே போவது? அங்கே கைபேசி கேமரா உதவும், ஆனால் பலரும் அதை மிக அருகில் கொண்டுபோய்ப் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நம் புட்டியில் 60 டிகிரி தள்ளி இருக்கும் எழுத்து, நடு எழுத்தைவிட ஒன்றேமுக்கால் செ.மீ. பின்னால் இருக்கிறது. கேமரா மிக நெருங்கினால் நடுப்பகுதி தெளிந்து ஓரங்கள் மங்கிவிடும். ஓரடி தள்ளி நின்று ஜூம் செய்தால் நடுவும் ஓரமும் ஒருசேரத் தெளியும். விளக்கு தலைக்கு நேர் மேலே இருந்தால் பளபளக்கும் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு விழும். புட்டியைச் சற்றே சாய்த்தால் கோடு விலகும். ஒரே படத்தில் முடிக்கப் பார்க்காமல், பட்டியலின் இடதுபக்கம், நடு, வலதுபக்கம் என்று மூன்று படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசிச் சொல் ஒன்றாவது எல்லா வரியிலும் இருக்க வேண்டும். அந்தப் பொதுச் சொல்லைக் கொண்டுதான் எந்த வரி எங்கே தொடர்கிறது என்று சேர்க்க முடியும்.

ஒவ்வாமைக்காகப் பார்க்கிறவர்கள் பட்டியலின் அருகே தனியாக இருக்கும் ஒவ்வாமை வரியை முதலில் தேடலாம். 2020ஆம் ஆண்டின் இந்திய லேபிள் விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி பாதாம் போன்ற பருப்புகளும், சோயா, பால், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவற்றை அங்கே சொல்லியாக வேண்டும். குறுகிய வரி என்பதால் வளைவில் தப்பிப்போகும் வாய்ப்பு குறைவு. அந்த வரியில் பால் இருந்து, நீங்கள் படித்த பட்டியலில் பால் இல்லாவிட்டால், ஒரு வரியைத் தாண்டியிருக்கிறீர்கள்.

ஆனால் அந்தப் பெயர்களில் எள்ளும் கடுகும் இல்லை. நம் வீட்டுச் சமையலில் நாள்தோறும் புழங்கும் இந்த இரண்டுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒவ்வாமை வரி கைகொடுக்காது. அவர்கள் முழுப் பட்டியலையும் படித்தே ஆக வேண்டும் என்பது எனக்கு வருத்தம் தரும் நிலைமை.

லேபிளின் இரண்டு ஓரங்கள் வந்து சேரும் ஒட்டு, கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். காகிதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அந்தச் சில மி.மீ.யில் எழுத்து புதைந்துபோகலாம். மேல்மடிப்பை நகத்தால் சற்றே தூக்கினால் தெரியும். விலை அல்லது இறக்குமதியாளர் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர் பட்டியலின்மேல் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. பிஸ்கட், சிப்ஸ் பொட்டலங்களில் பின்புறம் நீளவாக்கில் ஓடும் ஒட்டுமடிப்பு இதே வேலையைச் செய்கிறது. அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படித்துவிட்டு, மறுபக்கமாகச் சாய்த்தும் படிக்க வேண்டும். அப்படியும் ஒரு சொல் பிடிபடாவிட்டால், லேபிளில் நுகர்வோர் தொடர்புக்கென்று இருக்கும் எண்ணில் பேட்ச் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தப் பிள்ளைக்கு வேறு எதையாவது கொடுங்கள்.