சிப்ஸ் ஏன் சிவந்துபோகிறது?

அதே வாணலி, அதே எண்ணெய், அதே தீ. போன மாதம் வெளிர்மஞ்சளாக மொறுமொறுவென்று வந்த உருளைக்கிழங்கு சிப்ஸ், இந்த முறை எண்ணெயில் போட்ட சற்று நேரத்திலேயே செம்பழுப்பாகிவிடுகிறது. பயந்துபோய் அரித்தெடுத்தால் நடுவில் வதவதவென்று இருக்கிறது. மொறுமொறுப்பு வரட்டும் என்று விட்டுவைத்தால் கசக்கிறது. உடனே நம் கை தீயைக் குறைக்கப் போகும். குறைத்தால் சீவல் எண்ணெய் குடித்துக் கனத்துவிடும், நிறமும் கொஞ்சம் தாமதித்து அதே பழுப்புக்குத்தான் வந்து சேரும். பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காரணம் அடுப்பு அல்ல. கிழங்கு இதற்கு முன் எங்கே இருந்தது என்பதுதான்.

உணவு பொன்னிறமாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சர்க்கரையை மட்டும் வாணலியில் போட்டுச் சூடாக்கினால் அது உருகி, 170 டிகிரி செல்சியஸ் அளவில் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். புட்டிங் கிண்ணத்தின் அடியில் ஊற்றுகிறோமே, அந்தக் கேரமல் இதுதான். இதில் சர்க்கரையைத் தவிர வேறு பொருளுக்கு வேலை கிடையாது.

சிப்ஸில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வழி. 1912இல் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் குளுக்கோஸையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கியபோது கலவை பழுப்பானதைக் கண்டு எழுதினார். புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. கிழங்கில் புரதத்தில் சேராமல் தனியாகவும் அவை நிறைய உண்டு. சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடி, படிப்படியாக மாறி, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் கடைசியில் பழுப்பு நிறமிகளையும் தருகின்றன. தோசையின் முறுகலிலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் வரும் வாசனையில் பெரும்பங்கு இதற்கு உண்டு. ஆனால் எல்லாச் சர்க்கரையும் இதில் நேரடியாக இறங்காது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இறங்கும். நாம் காப்பியில் போடும் சர்க்கரை முதலில் அந்த இரண்டாக உடைந்தால்தான் உண்டு.

எண்ணெய் 170 டிகிரியில் இருந்தாலும், உள்ளே போன சீவல் உடனே அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அதில் ஈரம் இருக்கும்வரை அந்த ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். சீவல் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எண்ணெய் சலசலவென்று பொங்குவது அந்த ஆவிதான். மேற்பரப்பு உலர்ந்து சூடு 140 டிகிரியைத் தாண்டியதும் பழுப்பாவது வேகம் பிடிக்கிறது. 140 என்பது தாண்டக்கூடாத கோடு என்று நினைக்க வேண்டாம். திரட்டுப்பால் அவ்வளவு சூட்டுக்குப் போவதே இல்லை. மணிக்கணக்கில் கிண்டுவதால் அதே வினை மெதுவாக நடந்து பழுப்பேறுகிறது.

ஆக, நல்ல சிப்ஸுக்கு இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் முடிய வேண்டும்: ஈரம் போக வேண்டும், நிறம் பொன்னோடு நிற்க வேண்டும். கிழங்கில் சர்க்கரை குறைவாக இருந்தால் இரண்டும் சேர்ந்து முடியும். அதிகமாக இருந்தால் ஈரம் போவதற்குள் நிறம் ஓடிவிடும். 100 கிராம் கிழங்கில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்து 0.1 கிராமுக்குள் இருப்பதைத்தான் சிப்ஸ் தயாரிப்பவர்கள் விரும்புகிறார்கள். இவ்வளவு சின்ன அளவு நம் நாக்குக்கு இனிப்பாகவே தெரியாது. எண்ணெய்க்குத் தெரியும்.

அந்தச் சர்க்கரையைக் கூட்டுவது குளிர். ஏழெட்டு டிகிரிக்குக் கீழே போனால் உருளைக்கிழங்கு தன் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்குகிறது. சில வாரங்களில் அது பல மடங்காகிவிடும். வட இந்தியாவில் குளிர்கால அறுவடையைக் குளிர்பதனக் கிடங்குகளில் 2 முதல் 4 டிகிரியில் மாதக்கணக்கில் வைத்து விற்பதுண்டு. முளைக்காமல் இருக்க அது நல்ல வழி. அந்தக் கிழங்கு குருமாவுக்கும் பூரி மசாலுக்கும் குறையில்லாமல் உதவும், பொரித்தால்தான் குட்டு வெளிப்படும். சிப்ஸுக்கென்று ஒதுக்கும் கிழங்கை 10, 12 டிகிரியில் வைக்கிறார்கள். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் சர்க்கரை குறைந்த ‘குஃப்ரி சிப்சோனா’ ரகங்களை உருவாக்கியதும் இதற்காகத்தான். நம் வீட்டு ஃபிரிட்ஜும் ஒரு சின்னக் குளிர்பதனக் கிடங்குதான்.

நேந்திரங்காய்க்கும் இதே கணக்குதான், அங்கே குளிருக்குப் பதில் பழுப்பது. லேசாகப் பழுக்கத் தொடங்கிய காயில் மாவு சர்க்கரையாகிவிட்டிருக்கும். சிப்ஸ் போடுகிறவர்கள் நல்ல பச்சைக்காயாகப் பார்த்து எடுப்பது வெறும் பழக்கமல்ல.

கையில் இருக்கும் கிழங்கு எப்படிப்பட்டது என்று அறிய, மொத்தத்தையும் சீவுவதற்கு முன் ஒன்றிரண்டு சீவலை மட்டும் பொரித்துப் பாருங்கள். சலசலப்பு அடங்கும்போது பொன்னிறம் என்றால் கவலையில்லை. எண்ணெய் பொங்கிக்கொண்டிருக்கும்போதே பழுப்பேறினால் சர்க்கரை ஏறிய கிழங்கு. விளிம்பைச் சுற்றியோ ஒரு முனையிலோ மட்டும் கறுப்பதும் உண்டு, கிழங்கு முழுவதும் சர்க்கரை ஒரே அளவில் இருப்பதில்லை.

அரை கிலோ கிழங்கு அப்படி மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். இதில் மேலே ஒட்டிய மாவும் கொஞ்சம் சர்க்கரையும் போகும். உள்ளே இருப்பது அவ்வளவாக அசையாது. அதற்கு வெந்நீர் வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் சீவலைப் போட்டு மூன்று நிமிடம் வையுங்கள். சூட்டில் கிழங்கின் செல்சவ்வு சிதைந்து சர்க்கரை வெளியே கசிந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் இன்னும் நல்லது. அமிலத்தில் அமினோ அமிலம் சர்க்கரையோடு எளிதில் சேராது. சமையல் சோடா இதற்கு நேர் எதிர், நிறத்தை விரட்டும். வடிகட்டி, துணியில் பரப்பி, தொட்டால் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்துங்கள். பிறகு 170 டிகிரி எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அள்ளிப்போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். விரும்பும் நிறத்துக்கு ஒரு பிடி முன்னதாகவே எடுத்துவிட வேண்டும், வெளியே வந்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் நிறம் ஏறும்.

கறுத்ததை ஒதுக்குவதற்குக் கசப்பு மட்டும் காரணமல்ல. கிழங்கில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் அதிகம். 120 டிகிரிக்கு மேல் அது இதே சர்க்கரைகளோடு சேரும்போது அக்ரிலமைடு உண்டாகிறது என்பது, 2002இல் சுவீடனிலிருந்து வந்த அறிவிப்புக்குப் பின் தெரியவந்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள் அது. நிறம் ஏற ஏற அதுவும் ஏறும். ஆனால் பீதி வேண்டாம். பச்சை உருளையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று சொல்லிவந்த பிரிட்டன் உணவுத் தர அமைப்பே, வீட்டுக்கு வீடு வைக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2023இல் அந்த அறிவுரையைத் தளர்த்திவிட்டது. சிப்ஸின் நிறத்துக்கு மட்டும் பழைய அறிவுரையே சரி.

அவசரம் இல்லையென்றால் வெந்நீரும் வேண்டாம். குளிரில் இருந்த கிழங்கை வெளியே எடுத்து, வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் வைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி மீண்டும் மாவுச்சத்தாகும், இன்னொரு பகுதியைக் கிழங்கே சுவாசித்துச் செலவழித்துவிடும். அவ்வப்போது ஒரு சீவலைப் பொரித்துப் பார்த்தால் நிறம் தெளிந்துவருவது தெரியும். முளைவிட்டு, தோல் சுருங்கிப்போன கிழங்கில் இது பலிக்காது. அதில் ஏறியது முதுமையில் வந்த சர்க்கரை, திரும்பாது.