டிராக்டர் கவிழ்ந்தது, பாலிசியும் இருந்தது. பணம் ஏன் வரவில்லை?

நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போன டிராக்டர் ஒன்று, வாய்க்கால் கரையில் முன்சக்கரம் சரிந்து தண்ணீருக்குள் கவிழ்ந்தது. வாங்கி மூன்றரை ஆண்டுகளே ஆன வண்டி. முழுக் காப்பீடு நடப்பில் இருந்தது. பிரீமியத்தில் ஒரு நாள் பாக்கிகூட இல்லை. ஆனாலும் அந்த விவசாயிக்கு ஒரு ரூபாய்கூட இழப்பீடு கிடைக்கவில்லை. மறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் எங்கள் நிலையத்துக்கு வந்தார். “வருஷா வருஷம் பணம் கட்டினேனே, இது என்ன நியாயம் சார்?” என்பதுதான் அவருடைய கேள்வி.

கடிதத்தில் இருந்த காரணம் ஒரே வரிதான். விபத்து நேரத்தில் வண்டியை ஓட்டியவரிடம் உரிய ஓட்டுநர் உரிமம் இல்லை.

பாலிசியின் முதல் பக்கத்தில் எவ்வளவு தொகைக்குக் காப்பீடு என்று இருக்கும். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பது பின்பக்கங்களில் ‘விலக்குகள்’, ‘நிபந்தனைகள்’ என்ற தலைப்புகளில் இருக்கும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அந்தப் பக்கங்களை மனதில் வைத்துத்தான் கேள்வி கேட்பார். ஓட்டியவர் யார்? சேதத்துக்குக் காரணம் விபத்தா, பழசானதா? விபத்துக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? பெரும்பாலான மறுப்புகள் இந்த மூன்று கேள்விகளில் ஒன்றில்தான் வந்து நிற்கின்றன.

ஓட்டியவர் யார்?

அன்று வண்டியை ஓட்டியது பக்கத்து வீட்டு இளைஞர். வயது 22. டிராக்டர் ஓட்டுவதில் நல்ல அனுபவம். உரிமமும் வைத்திருந்தார். ஆனால் அது இருசக்கர வாகனத்துக்கான உரிமம். பாலிசி கேட்பது, விபத்து நேரத்தில் அந்த வகை வண்டியை ஓட்டச் செல்லுபடியாகும் உரிமம். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அது உரிமத்துக்கு ஈடாகாது.

டிராக்டருக்குத் தனியாக ‘டிராக்டர்’ என்று போட்ட உரிமம்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. வெற்று எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிராக்டர், சட்டப்படி இலகுரக வாகனம். நாம் பயன்படுத்தும் விவசாய டிராக்டர்கள் இந்த அளவுக்குள்தான் வருகின்றன. எனவே கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமம் வைத்திருப்பவர் டிராக்டர் ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளையும் எல்.எம்.வி. உரிமத்தில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. டிராக்டர் உரிமம் உள்ளவர் டிரெய்லர் மாட்டி ஓட்டினால் அந்த உரிமம் செல்லாமல் போய்விடாது என்று அதே நீதிமன்றம் 2001-லேயே கூறியிருக்கிறது. இவற்றைக் காரணம் காட்டி உங்கள் கோரிக்கையை மறுத்தால் நீங்கள் எதிர்த்துக் கேட்கலாம்.

எதிர்த்துக் கேட்க வழியில்லாத இடங்களும் உண்டு. இருசக்கர உரிமம் மட்டும் இருப்பது, விபத்து நாளில் உரிமம் காலாவதியாகி இருப்பது, 18 வயது ஆகாத பையன் ஓட்டுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டினால், உரிமம் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தும்படி பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே இருக்கை உள்ள டிராக்டரில் இது நடக்காத காரியம். ஓட்டியவர் குடித்திருந்தால் உரிமம் இருந்தும் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடையாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அந்த டிராக்டர் வாய்க்காலில் விழாமல், எதிரே வந்த ஒருவர் மேல் மோதியிருந்தால் என்ன ஆகும்? பாதிக்கப்பட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதால், உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தாலும் முதலில் காப்பீட்டு நிறுவனமே இழப்பீட்டைக் கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். ஆனால் கொடுத்த பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஓர் உயிர் போயிருந்தால் தொகை பல லட்சம். வண்டி ஓட்டிய இளைஞர் தப்பிவிடலாம். சாவியைக் கொடுத்த உரிமையாளரின் சொத்துதான் வசூலுக்கு வரும்.

இதில் உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2004-ஆம் ஆண்டு தீர்ப்புப்படி, உரிமையாளர் தெரிந்தோ கவனமில்லாமலோ உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். நீங்கள் உரிமத்தைப் பார்த்து, நகல் வாங்கி வைத்த பிறகு அது போலி என்று பின்னாளில் தெரிந்தால், உங்கள் பக்கம் நியாயம் இருக்கும். நகலே இல்லை என்றால் பார்த்தேன் என்று எப்படிக் காட்டுவீர்கள்?

விபத்தா, தேய்மானமா?

சரி, அன்று உரிமம் உள்ளவரே ஓட்டியிருந்தால் முழுப் பணமும் வந்திருக்குமா? அவர் கொண்டுவந்த பட்டறை மதிப்பீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் 1,60,000 ரூபாய்.

அதில் முன் ஆக்சில், ஸ்டீயரிங், ரேடியேட்டர் போன்ற உலோகப் பாகங்கள் 80,000 ரூபாய். மூன்று முதல் நான்கு ஆண்டு வயதுள்ள வண்டிக்குப் புதுப் பாகம் போடும்போது 25 சதவீதம் தேய்மானக் கழிவு உண்டு. 60,000 ரூபாய் கிடைக்கும். பட்டறைக் கூலி 15,000 ரூபாயும் கிடைக்கும்.

டயர், மட்கார்டு, பானட்டின் பக்கத் தகடு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். டிராக்டர் பாலிசியில் வண்டி முழுச்சேதம் ஆனால் தவிர இவற்றுக்குப் பணம் கிடையாது. கூடுதல் பிரீமியம் கட்டி ‘ஐ.எம்.டி. 23’ என்ற சேர்க்கையை வாங்கியிருந்தால் ஒரு பகுதி கிடைக்கும். இவருடைய பாலிசியில் அது இல்லை.

கிளட்ச் பிளேட் 10,000 ரூபாய். “அதையும் சேர்த்து மாற்றிவிடலாம்” என்று பட்டறைக்காரர் எழுதியது. வண்டி கவிழ்ந்ததால் கிளட்ச் பிளேட் தேயாது. சேற்றுழவில் மூன்று ஆண்டுகள் ஓடியதால் தேய்ந்தது. இதுதான் தேய்மானம் என்ற விலக்கு. ஓடி ஓடித் தேய்ந்தது, துருப்பிடித்தது, தானாகப் பழுதானது எதற்கும் பணம் வராது. இப்படிப்பட்டவற்றை விபத்துச் செலவோடு கலந்து எழுதினால், உண்மையான சேதத்தின் மீதும் சர்வேயருக்குச் சந்தேகம் வரும்.

வீட்டுக் காப்பீட்டிலும் இதே அளவுகோல்தான். புயல் காற்றில் கூரைத் தகடு பறந்தால் அது காப்பீட்டுக்குள் வரும். ஆண்டுக்கணக்கில் விரிசல் விட்ட தகட்டின் வழியே மழை ஒழுகி உள்ளே இருந்த மூட்டை நனைந்தால் வராது. மின்கசிவால் வீடு தீப்பிடித்தால் வீட்டுக்குப் பணம் உண்டு. ஆனால் எந்தக் கருவிக்குள் ஷார்ட் ஆனதோ அந்தக் கருவிக்கு மட்டும் சாதாரணத் தீ பாலிசியில் பணம் இல்லை. பம்புசெட் மோட்டார் எரிந்துபோவதற்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், மின்பழுதையும் ஏற்கும் பம்புசெட் பாலிசியைத் தனியாக எடுக்க வேண்டும். அதிலும் பேரிங், புஷ் தேய்ந்ததற்குப் பணம் இல்லை.

விபத்துக்குப் பிறகு என்ன செய்தீர்கள்?

மதிப்பீட்டில் மீதி இருந்தது இன்ஜின் வேலைக்கான 35,000 ரூபாய். வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் “ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்” என்று செல்ப் அடித்திருக்கிறார்கள். ஏர் கிளீனர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தது. காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் தடுக்க, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. இது கவிழ்ந்ததால் வந்த சேதம் அல்ல, கவிழ்ந்த பிறகு இயக்கியதால் வந்தது. பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டி அதனால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. அதே நிபந்தனை, விபத்தான வண்டியைப் பாதுகாப்பு இல்லாமல் விட்டுச் செல்லக் கூடாது என்றும் சொல்கிறது.

ஆக, உரிமம் உள்ளவர் ஓட்டியிருந்தால் 1,60,000 ரூபாய்ச் செலவில் 75,000 ரூபாய் கணக்குக்கு வந்திருக்கும். அதிலும் பாலிசியில் குறித்த கட்டாயக் கழிவு போக மீதிதான் கைக்கு வரும்.

‘கவனக்குறைவு’ என்ற சொல்லைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். வளைவில் சற்று வேகமாகத் திருப்பியது, கரையின் ஓரத்தைச் சரியாகப் பார்க்காதது போன்ற ஓட்டுநரின் தவறுகளுக்காகத்தான் காப்பீடே இருக்கிறது. அதற்காக மட்டும் பணத்தை மறுக்க முடியாது. வண்டியைப் பாதுகாக்க நியாயமான முயற்சியே எடுக்காததுதான் பிரச்சினை. இரவில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டிராக்டரைச் சாலையோரம் நிறுத்தி, அது திருடு போனால், நிறுவனம் இந்த நிபந்தனையைத்தான் காட்டும்.

செய்ய வேண்டியவை

டிராக்டரை வேறு யார் ஓட்டினாலும், முதலில் அவர் உரிமத்தில் எல்.எம்.வி. அல்லது டிராக்டர் என்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். இரண்டையும் பரிவாகன் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். ஒரு நகலை ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள்.

வண்டி தண்ணீரில் விழுந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, நான்கு பக்கமும் படம் எடுத்து, அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பாகங்களைப் பிரிக்க வேண்டாம். இழுத்துச் சென்றதற்கான ரசீதையும் வாங்கி வையுங்கள்.

கோரிக்கையை மறுத்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். எந்த விலக்கின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

எங்களிடம் வந்த விவசாயியின் மறுப்பு, நிபந்தனைப்படி சரியாகவே இருந்தது. அதனால் அவரை மேல்முறையீட்டுக்கு அனுப்பிப் பயனில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது அவருடைய மகன் எல்.எம்.வி. உரிமம் எடுத்துவிட்டார். சாவி அவர்கள் இருவரிடம் மட்டும்தான் இருக்கிறது.