சாய்கோட்டுக்குப் பின்னால் ஓடும் பேஸ்

G, C, D, Em, Am எல்லாம் கைக்கு வந்துவிட்டன, பாரே கார்டும் ஓரளவு பழகிவிட்டது என்ற நிலையில் ஒருவர் புதுப் பாட்டின் சார்ட்டைத் திறக்கிறார். நடுவில் D/F# என்று ஒன்று நிற்கிறது, கடைசியில் Dsus4. பெரும்பாலானவர்கள் இரண்டையுமே வெறும் D என்று வாசித்துக் கடந்துவிடுகிறார்கள். பாட்டு ஓடிவிடும், அபஸ்வரமும் கேட்காது. ஆனால் பாட்டுக்குள் நகர்ந்துகொண்டிருந்த ஒன்று அங்கே நின்றுபோயிருக்கும். அது எது என்பதை இந்த நாலு பாரில் பார்த்துவிடலாம்.

```
| G  D/F# | Em  Em/D | C  G/B | Am7  Dsus4 D |
```

முதல் மூன்று பாரில் ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு பீட். கடைசி பாரில் Am7-க்கு இரண்டு, Dsus4-க்கும் D-க்கும் ஒவ்வொன்று.

சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கார்ட். பின்னால் இருப்பது அடியில் ஒலிக்க வேண்டிய பேஸ் ஸ்வரம். D/F# என்றால் D கார்ட், அதன் அடியில் F#. ‘D அல்லது F#, எது வசதியோ அது’ என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, அப்படியல்ல. சில சார்ட்டுகளில் பீட்டைக் குறிக்கவும் இதே கோட்டைப் போடுவார்கள். இரண்டு பக்கமும் இடம்விட்டுத் தனியாக நின்றால் அது பீட்; எழுத்தோடு ஒட்டி நின்றால் பேஸ்.

இப்போது சார்ட்டில் கார்டுகளை மறந்துவிட்டு, அடி ஸ்வரத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள்: G, F#, E, D, C, B, A. ஸ்கேலில் ஒரு படியும் விடாமல் இறங்கி வந்து, கடைசியில் D-யில் நிற்கிறது. கோட்டுக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டால் அதே அடிக்குரல் G, D, E, E, C, G, A என்று அங்குமிங்கும் தாவும். பாட்டை எழுதியவர் முதலில் யோசித்தது பெரும்பாலும் இந்த இறங்குவரிசையைத்தான். கார்டுகள் அதன் மேல் வந்து உட்கார்ந்தவை. அதனால் புதுச் சார்ட் கிடைத்ததும் நான் முதலில் பேஸை மட்டும் வாயால் பாடிப் பார்க்கச் சொல்வேன்.

கைக்கு வருவோம். D/F#-ஐ 2x0232 என்று பிடிக்கலாம். தடித்த ஆறாம் கம்பியின் 2ஆம் ஃபிரெட்டில் F#. அதைக் கட்டைவிரலை மேலிருந்து வளைத்துப் பிடிப்பவர்களும் உண்டு, ஆள்காட்டி விரலால் பிடித்து மற்ற மூன்று விரல்களால் D-யைப் பிடிப்பவர்களும் உண்டு. ஐந்தாம் கம்பியை அந்த விரலின் சதையே தொட்டு அடக்கிவிட வேண்டும். அது ஒலித்தாலும் A என்பது D கார்டில் உள்ள ஸ்வரம்தான், தப்பில்லை. ஆனால் அவ்வளவு கீழே F#-உம் A-யும் சேர்ந்தால் ஒலி கலங்கும், பேஸ் எது என்று காதுக்குத் தெளிவாகத் தெரியாது. G/B-க்கு x20003. C-யிலிருந்து போகும்போது நாலாம் கம்பியில் இருந்த நடுவிரல் ஐந்தாம் கம்பியின் 2ஆம் ஃபிரெட்டுக்கு வருகிறது. அதன் நுனி ஆறாம் கம்பியைத் தொட்டு அடக்க வேண்டும். ஆறாம் கம்பி திறந்து ஒலித்தால் அடியில் E வந்துவிடும், கார்டே Em போலக் கேட்கும்.

Em/D-க்கு இடது கை எதையும் அழுத்தத் தேவையில்லை: xx0000. நாலாம் கம்பியிலிருந்து அடித்தால் போதும். ஆனால் இங்கே கிட்டாரின் எல்லை தெரிகிறது. சாதாரண ட்யூனிங்கில் ஆறாம் கம்பியின் E-க்குக் கீழே ஸ்வரம் கிடையாது. ஆகவே E-யிலிருந்து D-க்கு இறங்க வேண்டிய பேஸ், மேலே இருக்கும் D-க்குத் தாவி, அங்கிருந்து மறுபடி C, B, A என்று இறங்குகிறது. காது இதைப் பெரும்பாலும் ஒரே இறக்கமாகவே ஏற்றுக்கொள்ளும். கூட பேஸ் கிட்டார் வாசிப்பவர் இருந்தால், அவர் ஒரு ஆக்டேவ் மேலிருக்கும் G-யில் தொடங்கித் தடையில்லாமல் இறங்கிவிடலாம்; அப்போது நீங்கள் D/F#-க்கு மேல் நாலு கம்பிகளில் D மட்டும் வாசித்தாலும் சரி. தனியாக வாசிக்கும்போதுதான் அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் கையில். பேஸ் கம்பியை முதலில் தனியாகத் தட்டிவிட்டு, பிறகு மேல் கம்பிகளை ஸ்ட்ரம் செய்யுங்கள்.

சுருதி மாற்றி எழுதும்போது கோட்டின் இரண்டு பக்கத்தையும் மாற்ற வேண்டும். இதே சார்ட்டை A-க்குக் கொண்டுபோனால் D/F# என்பது E/G# ஆகும். அவசரத்தில் E/F# என்று எழுதிவிட்டால் பேஸ் A-யிலிருந்து F#-க்குத் தாவி, அடுத்து வரும் F#m-லும் அங்கேயே நிற்கும். இறங்க வேண்டிய இடத்தில் பேஸ் நகராமல் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பேஸ் அடியில் நகர்கிறது. சஸ் கார்டில் நகர்வது உள்ளே இருக்கும் ஸ்வரம். D-யை ஷட்ஜமமாக வைத்தால் D கார்ட் என்பது ச, க, ப: D, F#, A. Dsus4-இல் காந்தாரத்தை எடுத்துவிட்டு மத்தியமத்தை வைக்கிறோம்: D, G, A. Dsus2-இல் அந்த இடத்துக்கு ரிஷபம் வருகிறது: D, E, A. கார்ட் மேஜரா மைனரா என்று சொல்வது காந்தாரம்தான். அது இல்லாததால் சஸ் கார்ட் இரண்டிலும் சேராமல் தொங்கி நிற்கிறது. எண் போடாமல் Dsus என்று மட்டும் எழுதியிருந்தால் sus4 என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

நம் சார்ட்டின் கடைசி பாரைப் பாருங்கள். Am7-இல் A, C, E, G. அந்த G அப்படியே Dsus4-க்குள் தங்கிவிடுகிறது. C-யும் E-யும் நகர்ந்துவிட்டன, இது பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த பீட்டில் F#-க்கு இறங்குகிறது. பழைய ஐரோப்பியத் தேவாலயப் பாடலில் ஒரு குரல் முந்தைய ஸ்வரத்தைப் பிடித்தபடி தாமதித்து இறங்கும் முறையிலிருந்து வந்ததுதான் இது. பாட்டைத் திரும்ப முதலிலிருந்து எடுக்கும்போது அந்த F# மேலேறி G-யில் சேர்கிறது. Dsus4-ஐ விட்டுவிட்டு இரண்டு பீட்டும் D வாசித்தால் இந்தத் தாமதமும் இறக்கமும் மொத்தமாகப் போய்விடும்.

D, A, E மூன்றிலும் sus4 சுலபம். அவற்றின் ஓப்பன் வடிவத்தில் காந்தாரம் ஒரே ஒரு கம்பியில்தான் இருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. D 232 என்று முடிவது 233 ஆனால் Dsus4, 230 ஆனால் Dsus2. சிக்கல் C-யிலும் G-யிலும். C-யில் காந்தாரமான E நாலாம் கம்பியிலும் ஒன்றாம் கம்பியிலும் இருக்கிறது. நாலாம் கம்பியை மட்டும் F-க்கு மாற்றினால் மேலே E ஒலித்துக்கொண்டே இருக்கும், இரண்டும் உரசும். ஆகவே Csus4 x33011. Gsus4-க்கு ஐந்தாம் கம்பியின் B-யை அடக்கி, இரண்டாம் கம்பியின் B-யை C ஆக்க வேண்டும்: 3x0013. சஸ் கார்ட் வாசித்தும் தொங்கும் உணர்வு வராமல் கசகசவென்று கேட்டால், கம்பிகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டிப் பாருங்கள். எங்கோ ஒரு காந்தாரம் மிச்சமிருக்கும்.

இந்த இரண்டு குறியீடுகளும் ஒன்றாகும் இடமும் உண்டு. C சுருதியில் இருக்கும் பாட்டில் F/G என்று வந்தால், பிடிப்பது 3x3211. ஸ்வரங்கள் G, F, A, C. G-யை அடியாக வைத்துக் கேட்டால் காந்தாரமான B இல்லை, மத்தியமமான C இருக்கிறது: பெயர்தான் F/G, வேலை செய்வது G9sus4. அடுத்து C கார்டுக்குப் போனால் C தங்கும், F ஒரு படி இறங்கி E ஆகும், A இறங்கி G ஆகும். ஜாஸில் இப்படி இறக்கி முடிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஹெர்பி ஹான்காக் 1965-இல் பதிவு செய்த ‘மெய்டன் வாயேஜ்’ அப்படிப்பட்டது. அதன் முதல் கார்டைச் சிலர் D7sus4 என்றும், சிலர் Am7/D என்றும் எழுதுவார்கள். எப்படி எழுதியிருந்தாலும் அடியில் D-யும் மேலே A, C, E, G-யும் ஒலித்தால் சரி.